இளையவரிடம் ஒரு வேலையை ஒப்படைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் வெளிக்கள வேலைகளை ஒருங்கிணைப்பவள் நான். புதிதாகச் சேரும் வெளிக்கள உத்தியோகத்தர்களிடம் வேலை கொடுப்பதும், கொடுத்த வேலை திரும்பி வரும்போது வாங்குவதும்தான் என் நாளின் பெரும்பகுதி. மற்ற அலுவலகங்களில் மேற்பார்வை செய்யும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாப் பதிலிலும் ஒரே வேலையை எடுத்துக் காட்டுகிறேன்: மூதூர்ப் பக்கம் மூன்று கிராம அலுவலர் பிரிவுகளில் கோழிக்கூடு உதவி பெறவிருக்கும் 60 குடும்பங்களின் பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தல்.

நான் விளக்கமாகத்தான் சொன்னேன். ஆனால் முடிந்து வந்தது நான் கேட்டதே இல்லை. ஏன்?

எனக்கும் இது நடந்தது. சில வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு பட்டியலை ஒரு தம்பியிடம் கொடுத்து, "தம்பி, இந்த லிஸ்ட்டை ஒருக்காச் சரிபார்த்து வெள்ளிக்கிழமைக்கு முதல் தாங்கோ" என்றேன். "ஓம் மிஸ்" என்றார். வியாழன் மாலையே கோப்பு வந்துவிட்டது. 60 பெயரும் இருந்தன. எனக்குச் சந்தோசம்.

அடுத்த நாள் திறந்து பார்த்தால், தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் `1.98512E+11` என்று நின்றது. புதிய அடையாள அட்டையின் இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. எக்செலில் அந்தப் பெட்டியை முதலிலேயே `Text` ஆக்காவிட்டால் அது இலக்கத்தைச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் `CSV` கோப்பாகச் சேமித்தால் சுருக்கியதுதான் மிஞ்சும், மற்ற இலக்கங்கள் போய்விடும். தொலைபேசி இலக்கங்களின் முன்னால் இருந்த 0 உம் காணாமல் போயிருந்தது. பழைய அட்டைக்காரர்களின் இலக்கம் மட்டும், முடிவில் V எழுத்து இருந்ததால், அப்படியே தப்பியிருந்தது.

அதைவிடப் பெரிய விசயம் பிறகுதான் தெரிந்தது. அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. பட்டியலில் இருந்த இலக்கங்களுக்கு அழைத்து, "நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீங்களா?" என்று கேட்டுச் சரி போட்டிருக்கிறார். எடுக்காதவர்களுக்கும் பழைய விபரத்தையே விட்டிருக்கிறார். அவரிடம் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிபார்த்தல்" என்றால் அவருக்கு அதுதான் பொருள். நான் மனதில் வைத்திருந்தது வேறு. அதை வாயைத் திறந்து சொல்லவில்லை.

வேலை கொடுக்கிறவர் அந்த வேலையைப் பத்துத் தடவை செய்தவர். அவருடைய தலையில் முடிந்த பட்டியலின் படம் இருக்கிறது. கேட்கிறவரின் தலையில் ஒரு வினைச்சொல் மட்டும்தான் இருக்கிறது. சரிபார், ஒழுங்குபடுத்து, கவனி, பேசிமுடி போன்ற சொற்களோடு ஒரு வேலையைக் கொடுத்தால் இடைவெளியை அவர் தன் ஊகத்தால் நிரப்புவார்.

அப்படியானால் எதிர்பார்க்கும் முடிவை எப்படிச் சொல்வது?

செய்ய வேண்டியதைச் சொல்லாமல், முடிவில் உங்கள் மேசைக்கு வர வேண்டிய பொருளைச் சொல்லுங்கள். அதைக் கண்ணால் பார்த்து "இருக்கிறது, இல்லை" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இப்போது நான் அந்த வேலையைக் கொடுப்பது இப்படி:

"தம்பி, முடிவில் எனக்கு மூன்று பொருள் வர வேணும். ஒன்று, 60 வீட்டுக்கும் ஒவ்வொரு படிவம், வீட்டுக்காரரின் கையொப்பத்தோடு. இரண்டு, அதே விபரம் ஒரு எக்செல் கோப்பில், ஒரு குடும்பம் ஒரு வரி. மூன்று, ஒவ்வொரு பிரிவின் பட்டியலின் அடியிலும் அந்தப் பிரிவின் கிராம அலுவலரின் கையொப்பமும் முத்திரையும்."

இதோடு நிற்காமல் ஒரு வரியை நானே நிரப்பி அச்செடுத்துக் கொடுக்கிறேன். பத்து நிமிட விளக்கத்தை அந்த ஒரு வரி மிச்சம் பிடிக்கிறது. அடையாள அட்டை இலக்கம் அட்டையில் உள்ளபடியே, பழையது என்றால் பழையதே. இலக்கப் பெட்டிகளை முதலிலேயே `Text` ஆக்கிவைத்த கோப்பைத்தான் அனுப்புகிறேன், அவரை ஆக்கச் சொல்வதில்லை. கருவியில் தடுக்கக்கூடிய பிழையை மனிதரின் ஞாபகத்தில் ஏற்றிவைப்பது நியாயமில்லை.

எது முடிவில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். "புதிய குடும்பங்களைச் சேர்ப்பது இந்த வேலை இல்லை. யாராவது கேட்டால் பெயரைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வாங்கோ" என்று ஒரு வாக்கியம். இதைச் சொல்லாமல் விட்டால், இரக்கமுள்ள பிள்ளைகள் ஊரில் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். பிறகு அந்த வாக்கை மீட்பது அவர்களால் முடியாது, எங்களாலும் முடியாது.

ஏன் இந்த வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலைப் பார்த்துத்தான் தலைமை அலுவலகம் கம்பிவலையும் தகரமும் வாங்கும். வீடு மாறிப் போனவரின் பெயருக்கு வாங்கினால் அது களஞ்சியத்தில் கிடக்கும், பக்கத்து வீட்டில் உண்மையில் தேவைப்படுகிறவர் பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் தெரிந்தவர் படிவத்தில் இல்லாத ஒன்றைக் கண்டாலும் நின்று குறித்துக்கொள்வார்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் நானே சொல்லிவிடலாமா?

பெரும்பாலும் வேண்டாம். எந்தக் கிராமத்திலிருந்து தொடங்குவது, எந்த ஒழுங்கையால் போவது, காலையில் யார் வீடு, பின்னேரம் யார் வீடு என்பதெல்லாம் அவர் விருப்பம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் எந்த நேரம் ஆள் இருக்கும் என்பது கிண்ணியாவில் பிறந்த தம்பிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாறக்கூடாத படி ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இந்த வேலையில் அது ஒன்றே ஒன்று: அடையாள அட்டையைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும், கேட்டு எழுதக்கூடாது.

கெடுவை எந்த நாளில் வைப்பது?

உங்களுக்கு மேலே கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

எங்கள் உதாரணத்தில் தலைமை அலுவலகம் பட்டியலைக் கேட்பது மூன்றாவது வாரத் திங்கள் நண்பகலுக்கு. நான் ஒரு தடவை முழுவதும் வாசித்து, தெரிவுசெய்த நாலைந்து படிவங்களைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் வேண்டும். அது அதற்கு முந்திய வெள்ளி. ஆகவே தம்பியின் கெடு வியாழன் பிற்பகல் 4 மணி. என்னுடைய கெடுவை அவருக்குச் சொல்லி, அந்த நாளிலேயே அவர் தந்தால், பிழை திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு கெடுவையும் அவருக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன். பொய்க் கெடு வைத்தால் இரண்டாவது தடவையே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு நாங்கள் வைக்கும் எந்தக் கெடுவையும் நம்பமாட்டார்கள்.

பிறகு முன்னோக்கி எண்ணி, அந்த நாட்களுக்குள் வேலை அடங்குகிறதா என்று பார்க்கிறோம். ஒரு வீட்டுக்குச் சுமார் 25 நிமிடம். வீட்டுக்கு வீடு போகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 12 வீடுதான் நியாயமான கணக்கு. முதல் வாரத் திங்கள் வேலை கொடுக்கும் நாள். அன்று கடிதம் எடுப்பதும் கிராம அலுவலர்களுக்கு அழைத்து அவர்கள் எப்போது அலுவலகத்தில் இருப்பார்கள் என்று கேட்பதும் நடக்கும். செவ்வாய் 6 வீடு மட்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். புதன் 12, வியாழன் 12. வெள்ளி 6, ஏனென்றால் அன்று ஜும்மா. மூதூரிலும் கிண்ணியாவிலும் வெள்ளி நண்பகலை ஒட்டி வீட்டு வேலை வைப்பதில் பொருளில்லை, தம்பியும் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். அடுத்த திங்கள் 12, செவ்வாய் 12. மொத்தம் 60. புதன் கோப்பை முடித்துப் பூட்டியிருந்த வீடுகளுக்குத் திரும்பப் போகும் நாள். வியாழன் கையொப்பங்கள்.

இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்துத்தான் போடுகிறேன், தாளில், பேனாவால். இடையில் பௌர்ணமி விடுமுறை விழுகிறதா என்று நாட்காட்டியைப் பார்ப்பது பல நேரம் அவர்தான். கார்த்திகை, மார்கழி மழைக்காலம் என்றால் 12 என்பதை 8 ஆகக் குறைத்துக் கணக்குப் போடுகிறோம். வெருகல் பக்கம் தண்ணீர் ஏறினால் ஒரு நாள் முழுவதும் போய்விடும், அதை யாரும் பிழை சொல்ல முடியாது.

"இந்த நாளுக்குள் முடியாது" என்று இளையவர் சொன்னால்?

அந்தத் தைரியத்துக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு கணக்குத் தாளை எடுத்து எந்த எண் பிழை என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு தங்கச்சி, "மிஸ், அந்தப் பிரிவில் வீடுகள் தூரத் தூர இருக்கு, 12 முடியாது, 9 தான்" என்றா. அவ சொன்னது சரி. நாளைக் கூட்ட முடியாததால் ஒரு பிரிவை இன்னொருவருக்குக் கொடுத்தேன். கூட்டமுடியாத கெடுவும் குறைக்கமுடியாத வேலையும் ஒரே ஆளுக்குப் போனால், வேகத்துக்காக ஏதோ ஒன்று விடுபடும். எது விடுபடும் என்பதை நாங்கள் தெரிவு செய்ய முடியாது.

என்னென்ன கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்?

அவர் முதல் வீட்டு வாசலில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். படலைக்குள் போக அவருக்கு என்ன வேண்டும்?

முதலாவது கடிதம். எங்கள் நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், அவருடைய பெயரும் வேலையும் நாட்களும் குறித்து, பிரதேச செயலகத்துக்குப் பிரதியோடு. இது இல்லாமல் போன பிள்ளையைக் கிராம அலுவலர் திருப்பி அனுப்பினால் அது கிராம அலுவலரின் பிழை இல்லை. நிறுவன அடையாள அட்டை கழுத்தில். அலுவலக மோட்டார் சைக்கிள், அது எந்த எந்த நாளுக்கு அவருக்கு என்பது பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டு. இதை எழுதாமல் விட்டு, புதன் காலை வேறொருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குச்சவெளிக்குப் போய்விட்ட கதை எங்கள் அலுவலகத்தில் உண்டு. எரிபொருளுக்கும் போட்டோப் பிரதிக்கும் முற்பணம், பற்றுச்சீட்டு எப்போது தர வேண்டும் என்ற நாளோடு. இளையவர்கள் பலர் சொந்தக் காசைப் போட்டுவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிடுவார்கள். சம்பளம் குறைந்தவரின் பையிலிருந்து எங்கள் வேலைக்குக் காசு போவதை நான் அனுமதிப்பதில்லை.

ஆளும் ஒரு வளம்தான். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் பட்டியலில் இருந்தால், அந்த வீடுகளுக்குக் கூடப்போக ஒரு பெண் உத்தியோகத்தரை எந்தப் பின்னேரம் விடுவிப்பது என்று அன்றே பேசி முடிக்கிறேன். சேருவில, கந்தளாய்ப் பக்கம் வேலை என்றால் சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர். கூடப்போகிறவரின் மேலதிகாரியிடம் கேட்க வேண்டியது நான், இளையவர் இல்லை. இளையவர் போய் மூத்த ஒருவரிடம் "எனக்கு உதவிக்கு வாங்கோ" என்று கேட்டால் வராது. அல்லது வருவார், வேலையைத் தன் கையில் எடுத்துவிடுவார்.

எதை அவரே முடிவு செய்யலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும்?

இதைப் பலர் வளங்களோடு சேர்த்து நினைப்பதில்லை. எரிபொருள் இல்லாமல் வேலை நிற்பது எவ்வளவு உண்மையோ, "கேட்கட்டா, விடட்டா" என்ற தயக்கத்தில் வேலை நிற்பதும் அவ்வளவு உண்மை.

எங்கள் வேலையில் கோடு இப்படிப் போடுகிறோம். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போவது, போகும் ஒழுங்கை மாற்றுவது, முற்பணத்துக்குள் செலவு செய்வது அவருடைய முடிவு, எனக்குச் சொல்லவும் தேவையில்லை. இரண்டு தடவை போயும் ஆள் இல்லை என்றால் "தொடர்பு கிடைக்கவில்லை" என்று குறித்துவிட்டு அன்று மாலை எனக்குச் சொல்ல வேண்டும். ஒரு பெயரை நீக்குவது, மாற்றுவது, கிராம அலுவலரோடு கருத்து வேறுபாடு வருவது, ஊரில் யாராவது குரலை உயர்த்துவது, இவற்றில் எதையும் தொடாமல் முதலில் எனக்கு அழைக்க வேண்டும். நான் தொலைபேசியை எடுக்காவிட்டால் யாருக்கு அழைப்பது என்பதும் அங்கேயே சொல்லப்படும்.

இடையில் எப்போது பார்ப்பது? பாதி நாள் போன பிறகா?

இதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பாதி நாளில் வைக்காதீர்கள். முதல் சில துண்டுகள் முழுமையாக முடிந்த உடனே வையுங்கள்.

பத்து நாள் வேலைக்கு ஐந்தாம் நாள் சந்திப்பு வைத்தால், அன்று 30 வீடு முடிந்திருக்கும். அப்போது ஒரு பிழையைக் கண்டால் 30 வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும். இளையவரின் முகம் விழும், வீட்டுக்காரர் "திரும்பவுமா?" என்பார், எங்களுக்கும் "சரி, இப்படியே விடுவம்" என்ற எண்ணம் வரும். ஆறாவது வீட்டில் கண்டால் ஆறு வீட்டுக்குத் திரும்பினால் போதும், அது ஒரு காலை வேலை. அதனால்தான் செவ்வாய்க்கு 6 வீடு மட்டும். காலையில் 6 வீடு, மத்தியானம் அலுவலகம் வந்து அந்த ஆறையும் கோப்பில் ஏற்றுவது, 3.30க்கு என் மேசையில் சந்திப்பு. படிவம், கோப்பு இரண்டின் எல்லாப் படிகளையும் அந்த ஆறு வீடு கடந்திருக்க வேண்டும். வெறும் படிவம் மட்டும் கொண்டுவந்தால் `E+11` பிழை இன்னும் ஒளிந்துதான் இருக்கும்.

ஆறும் இலகுவான வீடாக இருந்தாலும் பயனில்லை. ஒரு கடற்தொழில் குடும்பம், ஒரு பெண் தலைமைக் குடும்பம், அண்மையில் வீடு மாறியதாகக் கேள்விப்பட்ட ஒன்று, இப்படிச் சிக்கலானவற்றை அந்த ஆறுக்குள் போடச் சொல்கிறேன்.

கடைசியாக இந்த வேலையைக் கொடுத்தபோது அந்தச் செவ்வாயில் கிடைத்ததைச் சொல்கிறேன். படிவத்தில் "சொந்தக் காணி: ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி இருந்தது. நான் தயாரித்த படிவம்தான். ஆறு வீட்டில் மூன்று வீட்டின் காணி தகப்பனின் பெயரில். தம்பி இரண்டுக்கு "ஆம்" என்றும் ஒன்றுக்கு "இல்லை" என்றும் போட்டிருந்தார். "ஏன் தம்பி இது மட்டும் இல்லை?" என்றேன். "மிஸ், அவங்கட வாப்பா மௌத்தாகிட்டார், இன்னும் பெயர் மாத்தல்ல" என்றார். இன்னொரு வீட்டில் காணி உறுதி இல்லை, அனுமதிப்பத்திரக் காணி, அதற்கும் "ஆம்". அவர் எழுதிய எதுவும் பொய் இல்லை, கேள்விதான் பிழை. அங்கேயே உட்கார்ந்து அந்தப் பெட்டியை நான்காகப் பிரித்தோம்: உறுதி, அனுமதிப்பத்திரம், உறவினர் பெயரில், ஒன்றும் இல்லை. மிச்ச 54 படிவங்களைப் புதிதாக அச்செடுத்தோம். இந்தச் சந்திப்பு இல்லாமல் இருந்தால் 60 வீட்டின் காணி விபரமும் ஒவ்வொரு விதமாக வந்திருக்கும். குற்றவாளியாக நின்றிருப்பது தம்பி.

அந்தச் சந்திப்பில் என்ன கேட்க வேண்டும்?

"எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் "பிரச்சினை இல்லை மிஸ்" என்ற பதில்தான் வரும். பொருளை மேசையில் வைக்கச் சொல்லி வாசியுங்கள். நான் ஒரு படிவத்தை எடுத்து, அதன் வரியைக் கோப்பில் தேடி, விரலால் ஒவ்வொரு பெட்டியாக ஒப்பிடுகிறேன். அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். இரண்டாவது படிவத்தை அவரையே ஒப்பிடச் சொல்கிறேன்.

பிறகு இரண்டு கேள்வி. எந்த வீட்டில் அதிக நேரம் போனது? படிவத்தில் எழுத இடமில்லாத எதைக் கண்டீங்கள்? காணி விசயம் போன்றவை இரண்டாவது கேள்விக்குத்தான் வெளியே வரும். கடைசியாகக் கணக்குத் தாளை எடுத்து, 12 என்பது இன்னும் சரியா என்று பார்க்கிறோம். 15 முதல் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். திருத்தம் சொல்ல வேண்டியிருந்தால் மற்றவர்கள் இருக்கும் இடத்தில் சொல்வதில்லை.

இதற்குப் பிறகு இன்னொரு சிறிய பார்வை மட்டும் வைக்கிறேன்: வெள்ளி பிற்பகல் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு எண் மட்டும். கணக்குப்படி அன்று 36 வீடு முடிந்திருக்க வேண்டும். 30க்குக் கீழே என்றால் திங்களன்று இன்னொருவர் கூடப் போவார் என்று முதல் நாளே பேசிவைத்திருக்கிறோம். அதனால் அவருக்கு எண்ணை மறைக்கக் காரணமில்லை. 28 என்று சொன்னால் ஏச்சு விழாது, உதவி வரும்.

இடைக்கிடை வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் பாதுகாப்புத்தானே?

இல்லை. ஒரு நாளில் நாலு தடவை "எத்தனை முடிஞ்சுது?" என்று கேட்டால், அவர் வீட்டுக்காரரைப் பார்க்காமல் தொலைபேசியைப் பார்ப்பார். தானாக ஒரு முடிவும் எடுக்கமாட்டார், எப்படியும் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருப்பார். சந்திப்பு நேரம் இருவருக்கும் தெரிந்திருந்தால் இடையில் கேட்கத் தேவையில்லை. எனக்கும் கை அரிக்கும். கேட்காமல் இருப்பதற்காகவே அந்த நேரத்தை நாட்காட்டியில் எழுதிவைக்கிறேன்.

எழுத்தில் கொடுக்க வேண்டுமா? வாயால் சொன்னால் போதாதா?

இரண்டும் வேண்டும். முதலில் நேரில் பேசுங்கள், பிறகு பேசியதை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் எழுதுவது அவராக இருக்கட்டும். அந்தத் தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியது இதுதான், அவருடைய அனுமதியோடு தருகிறேன்:

"மிஸ், நான் விளங்கினது. 60 வீடு, 3 பிரிவு. தர வேண்டியது கையொப்பத்தோட 60 படிவம், எக்செல் கோப்பு, 3 கிராம அலுவலர் கையொப்பம். ஐடி அட்டையைப் பார்த்துத்தான் எழுதணும். கெடு அடுத்த கிழமை வியாழன் 4 மணி. பைக் செவ்வாய் இருந்து எனக்கு. கடிதம் இண்டைக்கு எடுக்கிறேன். முற்பணம் 6000, பில் எல்லாம் வியாழன் தாறேன். நாளைக்கு 6 வீடு முடிச்சு 3.30க்கு உங்கட மேசைக்கு வாறேன். பெயர் வெட்டுறதும் சேர்க்கிறதும் உங்களக் கேட்டுத்தான்."

இதில் ஒன்று விடுபட்டிருந்தது: பூட்டிய வீட்டுக்கு இரண்டு தடவை போக வேண்டும் என்பது. அதை ஒரு வரியில் சேர்த்துப் பதில் போட்டேன். அவர் எழுதியதால்தான் எது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. நானே எழுதி அனுப்பியிருந்தால் கட்டைவிரல் படம் ஒன்று வந்திருக்கும்.

எது சொன்னாலும் "ஓம், ஓம்" என்கிறார். விளங்கிவிட்டதா என்று எப்படி அறிவது?

எங்கள் ஊரில் "ஓம்" என்பது பல நேரம் மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள், விளங்கியது என்று பொருளில்லை. "விளங்கினதா?" என்று கேட்டால் மூத்தவரிடம் "இல்லை" சொல்லும் பிள்ளை குறைவு. ஆகவே அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "தம்பி, நாளைக்குக் காலையில் முதல் வீட்டுக்குப் போறீங்கள். வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறா, அடையாள அட்டை மகனிட்ட, அவர் கடலுக்குப் போயிட்டார். என்ன செய்வீங்கள்?" என்று ஒரு சம்பவத்தைக் கேட்கிறேன். "அம்மாட்ட இலக்கத்தைக் கேட்டு எழுதுவேன்" என்று பதில் வந்தால், கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பது இறங்கவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கெடு நெருங்குகிறது, வேலை பிந்துகிறது. நானே வாங்கிச் செய்து முடிக்கலாமா?

முதலில் வேலையின் அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு வருடம் மழையால் இரண்டு நாள் போனது. தலைமை அலுவலகத்துக்கு அழைத்து, முடிந்த இரண்டு பிரிவைத் திங்களும் மூன்றாவதை அடுத்த வியாழனும் தருகிறோம் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார்கள்.

அதுவும் முடியாவிட்டால் ஒரு துண்டை எடுங்கள், முழுவதையும் எடுக்காதீர்கள். கோப்பில் ஏற்றுவதை நான் செய்கிறேன், வீடுகளை நீங்கள் முடியுங்கள் என்று சொல்லலாம். முழுவதையும் பறித்தால் அடுத்த தடவை அவர் அரை மனதோடுதான் தொடங்குவார். ஊர்ச் சண்டை, பாதுகாப்பு, காசு விசயம் என்றால் மட்டும் நான் உடனே முன்னால் போய் நிற்கிறேன். அது இளையவர் சுமக்க வேண்டியது இல்லை.

முடித்துக் கொடுத்ததில் பிழைகள் இருந்தால் யார் திருத்துவது?

அவர்தான். வெள்ளியன்று நான் ஒரு நாள் ஒதுக்கிவைத்திருப்பது அதற்கும்தான். காலையில் வாசித்து, பிழை உள்ள வரிகளை மஞ்சளாக்கி, திருத்தாமல் திருப்பிக் கொடுக்கிறேன். என்ன பிழை என்று எழுதுவதில்லை, எந்த வரி என்று மட்டும். சென்ற தடவை 60 வரியில் 4 மஞ்சள். இரண்டு தொலைபேசி இலக்கத்தில் 9 இலக்கம்தான் இருந்தது, ஒரு பெயர் இரண்டு பிரிவுகளில் வந்திருந்தது, ஒரு படிவத்தில் கையொப்பம் இல்லை. முதல் மூன்றையும் தம்பி அரை மணித்தியாலத்தில் படிவங்களைப் பார்த்துத் திருத்தினார். கையொப்பத்துக்கு ஜும்மா முடிந்ததும் மூதூருக்குப் புறப்பட்டார். பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து கோப்பு உறையில் வைத்துவிட்டு, திங்கள் கோப்பை அனுப்பும்போது அனுப்புநர் பெயரில் தன் பெயரையும் போடலாமா என்று கேட்டார். அவருடைய பெயரைத்தான் முதலில் போட்டு அனுப்பினோம்.